612 பழைய டிக்கெட்: மூடுவதா, சேர்ப்பதா, திருத்தி எழுதுவதா?

மண்ணடியில் இரும்புக் கடைகளுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஐந்து பேர். பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி, கீழே இருக்கும் இரும்புக் கடை, எம்.சி. ரோடு துணிக்கடை, காசிமேட்டில் படகு எஞ்சின் ஸ்பேர்ஸ் விற்பவர் என்று சுற்றுவட்டாரத்துக்கே விற்கிறோம். புகாரையும் வேலையையும் ஒவ்வொரு டிக்கெட்டாகப் பதிந்து வைக்க ஜிரா என்ற சாஃப்ட்வேர் வைத்திருக்கிறோம். 2024 ஜூனில் அதில் திறந்தபடி கிடந்த டிக்கெட் 612. மிகப் பழையது 2018-ல் போட்டது.

என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தபோது மூன்று கட்சியாகப் பிரிந்தோம். பழையதை மொத்தமாக மூடு என்றது ஒன்று. ஒரே புகார் பத்து தடவை வந்திருக்கும், அதையெல்லாம் ஒன்றாகச் சேர் என்றது இன்னொன்று. எதுவுமே ஒழுங்காக எழுதப்படவில்லை, உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதுவோம் என்றது மூன்றாவது. அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

என் யோசனை கணக்கிலேயே அடிபட்டுப் போனது. ஒரு பழைய டிக்கெட்டைப் படித்து, கடைக்குப் போன் போட்டு, திருத்தி எழுத அரை மணி நேரம். 612-க்கு 306 மணி நேரம், அதாவது ஒரு ஆளுக்கு 38 வேலை நாள். அப்படி எழுதியதில் பாதியை அடுத்த வருடமும் யாரும் தொட மாட்டோம். அதற்குள் வரி விதி மாறி, எழுதியதும் பழசாகிவிடும். அதனால் எழுதுவதைக் கடைசிக்குத் தள்ளினோம்.

மூடுவது மலிவு, ஒரு மதியம் போதும். ஆனால் எதை வைத்துப் ‘பழசு’ என்று சொல்வது? முதலில் இப்படித் தேடினேன்:

```
project = BILL AND statusCategory != Done AND updated < -365d
```

வந்தது வெறும் 41. எட்டு மாதம் முன்பு கிட்டத்தட்ட எல்லா டிக்கெட்டுக்கும் மொத்தமாக ஒரு லேபிள் ஒட்டியிருந்தோம். லேபிள் ஒட்டினாலும் ஜிராவுக்கு அது ஒரு மாற்றம்தான், `updated` தேதி புதுசாகிவிடும். ஐந்து வருடமாக யாரும் எட்டிப் பார்க்காதது கூட நேற்றுத்தான் பேசியது போல நின்றது. `updated` இருந்த இடத்தில் `created < "2021-06-01"` போட்டதும் 394 வந்தது.

அந்த 394-ஐ அழிக்கவில்லை. `Won't Do` என்று காரணம் போட்டு, `archive-2024` என்ற லேபிளோடு மூடினோம், தேடினால் கிடைக்கும். காரணம் போடுவதை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு வாய்த்த மாதிரி அமைப்பில், நிலையை மட்டும் முடிந்ததாக மாற்றி resolution என்ற அந்தக் காரணத்தைக் காலியாக விட்டால், ஜிரா அதை இன்னும் தீராததாகவே எண்ணும். மொத்தமாக மாற்றும்போது மெயில் அனுப்பும் டிக்கையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் 394 மெயில் கிளம்பும்.

மூடியதில் அடி விழுந்தது அக்டோபரில். எம்.சி. ரோடு துணிக்கடையிலிருந்து போன்: இரண்டு கவுன்டரிலும் ஒரே நம்பரில் பில் வருகிறது. ஜி.எஸ்.டி. பில்லில் நம்பர் வரிசையாக, ஒன்று போல் இன்னொன்று இல்லாமல் இருக்கவேண்டும். தேடிப் பார்த்தால் BILL-311, 2019 தீபாவளிக்கு அதே கடை சொன்னது. இரண்டு பேர் ஒரே நொடியில் சேவ் அழுத்தினால்தான் வரும் கோளாறு அது. சாதாரண நாளில் வராது, தீபாவளிக் கூட்டத்தில் வரும். வருடத்தில் பத்து நாள் மட்டும் உயிரோடு இருக்கும் டிக்கெட்டைத் தேதி வைத்துப் பார்த்தால் செத்தது போலத்தான் தெரியும். மூடிய 394-ல் இதுவரை 9 திரும்பி வந்திருக்கின்றன. 9 என்பது பெரிய எண்ணிக்கை இல்லை என்பேன், இந்த ஒன்றைத் தவிர.

மீதி 218. இங்கேதான் சேர்ப்பது உதவியது, ஆளைக் கவிழ்க்கவும் பார்த்தது. இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து 83 டிக்கெட்டை 22 ஆக்கினோம். தலைப்பில் வரும் சொல்லை வைத்துத் தேடி, ஒன்றைத் தாயாக வைத்து, மற்றதை duplicate என்று லிங்க் போட்டு மூடுவதுதான் முறை.

இ-இன்வாய்ஸ் என்று தேடியதில் நான்கு வந்தன. BILL-1204, 2022 ஏப்ரல்: ‘20 கோடி லிமிட் மாத்தணும்’. BILL-1377, அதே வருடம் அக்டோபர்: ‘10 கோடி லிமிட்’. BILL-1590, 2023 ஆகஸ்ட்: ‘5 கோடி லிமிட்’. விற்பனை ஒரு வரம்பைத் தாண்டிய கடை, மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து ஐ.ஆர்.என். என்ற எண் வாங்குவதுதான் இ-இன்வாய்ஸ். அந்த வரம்பை அரசு குறைத்த மாதங்கள் அவை. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் சாஃப்ட்வேர் கோடில் எண்ணை மாற்றிவிட்டு டிக்கெட்டை மூட மறந்திருக்கிறோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், எண் கோடுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு, வரம்பும் தேதியும் செட்டிங்கில் இருக்கவேண்டும் என்பது புரிந்தது. தனித்தனியாகப் படித்திருந்தால் மூன்றும் ‘முடிந்தது’ என்று போயிருக்கும்.

நான்காவது BILL-1622: ‘இ-இன்வாய்ஸ் வரல, காசிமேடு பார்ட்டி’. அதையும் அதே கூடையில் போட இருந்தேன். சப்போர்ட் பார்க்கும் அக்கா திரையை எட்டிப் பார்த்து, “தம்பி, இவருக்கு நாலு கோடிதான் வியாபாரம். லிமிட்டுக்கே வரல. அப்புறம் ஏன் கேக்குறாரு?” என்றார்.

சரியான கேள்வி. வரம்பைப் போன வருட விற்பனையோடு மட்டும் ஒப்பிடக்கூடாது. 2017-18 முதல் எந்த நிதியாண்டிலாவது தாண்டியிருந்தால் கட்டாயம். அவருக்கு 2018-19-ல் ஏழு கோடி. எங்கள் சாஃப்ட்வேர் போன வருடத்தை மட்டும் பார்த்தது. அவர் எங்களிடம் வந்ததே 2021-ல், பழைய வருடக் கணக்கு எங்களிடம் கிடையாது. வரம்பை எந்த எண்ணாக மாற்றினாலும் அவர் பிரச்சினை தீராது. சேர்த்திருந்தால் லிங்குக்குள் புதைந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம்: சேர்க்கும் முன் தாய் டிக்கெட்டைச் சரிசெய்தால் குட்டியைப் போட்ட ஆளின் பிரச்சினையும் தீருமா என்று கேட்போம். ஒரே மாதிரி தலைப்பு இருந்தாலும், தீராது என்றால் சேர்ப்பதில்லை.

சேர்த்து முடித்தபின் 157. அதில் அடுத்த மூன்று மாதத்தில் நிச்சயம் செய்யப்போகும் 24-ஐ மட்டும் திருத்தி எழுதினேன். பன்னிரண்டு மணி நேரம் ஆனது. BILL-1622 இப்போது இப்படி இருக்கிறது: “இ-இன்வாய்ஸ் கட்டாயமா என்பதைப் போன வருட விற்பனையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம். பழைய வருட டர்ன்ஓவரைக் கையால் நிரப்ப இடம் வேண்டும். 2018-19-ல் 7 கோடி, போன வருடம் 4 கோடி என்று போட்ட டெஸ்ட் கம்பெனிக்கு ஐ.ஆர்.என். வரவேண்டும். எல்லா வருடமும் 4 கோடி என்றால் வரக்கூடாது.” புதிதாகச் சேர்ந்த பையன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை முடித்தான்.

மீதி 133-ஐத் தொடவில்லை. ஆறு மாதம் யாரும் கேட்காவிட்டால் மூடுவது என்று வைத்தோம். அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கல், தீபாவளி, மார்ச் முடிவு என்று வருடத்துக்கு ஒருமுறை வரும் புகாருக்கு `season` என்று தனி லேபிள் கேட்டார், அதைத் தேதிக் கணக்கில் மூடக்கூடாது என்று. கொடுத்துவிட்டோம். இப்போது அதில் 11 இருக்கின்றன, BILL-311 முதலில்.