கல்லூரி முழுக்க எத்தனை சதவீதம்? டிடெக்டர் எண்ணை வைத்துக் கணக்கிட மூன்று வழிகள்

ஒரு குறிப்பிட்ட மாணவரின் இடுபணியை ஏஐ எழுதியதா என்று கேட்டால், ஏஐ உரையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் டிடெக்டர் மென்பொருளை நம்பிப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கல்லூரி நிர்வாகம் பெரும்பாலும் கேட்பது வேறு: மொத்தத்தில் எத்தனை சதவீத இடுபணிகளில் ஏஐ உரை இருக்கிறது? இதற்கு யார் செய்தார் என்று தெரிய வேண்டியதில்லை. டிடெக்டர் எந்த அளவுக்குத் தவறு செய்கிறது என்று தெரிந்தால் போதும், ஓரளவு நேர்மையான பதிலுக்கு வந்துவிடலாம்.

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன். ஒரு பருவத்தில் 4000 ஆங்கில இடுபணிகள் வந்தன. எல்லாவற்றையும் டிடெக்டரில் போட்டதில் 360 ஏஐ எழுதியவை என்று மாட்டின. அதாவது 9 சதவீதம்.

முதல் வழி, அந்த 9 சதவீதத்தை அப்படியே அறிக்கையில் எழுதுவது. பல இடங்களில் நடப்பது இதுதான், மூன்றிலும் மோசமான வழியும் இதுதான். ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் தானே ஒரு டிடெக்டரை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது. ஏஐ பக்கமே போகாத கல்லூரியில் அந்தக் கருவியைப் போட்டிருந்தால் 9 சதவீதம் காட்டியிருக்கும். எல்லாரும் ஏஐ வைத்தே எழுதும் கல்லூரியில் 26 காட்டியிருக்கும். பூச்சியத்திலிருந்து நூறு வரையுள்ள உண்மை முழுதும் 9க்கும் 26க்கும் நடுவில் அமுங்கிவிடுகிறது. இது தெரியாமல் வெறும் 9 என்ற எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி, அந்த அமுக்கத்தைத் திரும்ப விரிப்பது. 1978இல் ரோகன், கிளாடன் என்ற இருவர் நோய்ப் பரிசோதனைகளுக்காக எழுதிய திருத்தம் இது:

```
p = (f - a) / (s - a)
```

f என்பது மாட்டியவற்றின் பங்கு. a என்பது மனிதர் எழுதியதில் தவறாக மாட்டுவது. s என்பது ஏஐ எழுதியதில் சரியாக மாட்டுவது. நமக்கு வேண்டிய உண்மையான பங்கு p.

விற்பனையாளர் a 1 சதவீதம், s 85 சதவீதம் என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் p 9.5 சதவீதம், கிட்டத்தட்ட 380 இடுபணிகள். ஆனால் அந்த 1 சதவீதம் எந்த மாணவர்களின் எழுத்தில் அளந்தது? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறைய சரியாகவே அடையாளம் கண்டன. அந்த டிடெக்டர்கள் பலவும் அடுத்த சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்கின்றன. குறைந்த சொற்களை வைத்து, பாதுகாப்பான வாக்கியமாக எழுதுகிறவர் எளிதில் ஊகிக்கக்கூடியவராகி விடுகிறார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் படித்து, மூன்றாவது மொழியாக ஆங்கிலத்தில் இடுபணி எழுதும் நம் பிள்ளைகள் இதில் நேராக வந்து மாட்டுகிறார்கள்.

ஆகவே a-வை நம் கல்லூரியிலேயே அளக்க வேண்டும். அதற்கு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இடுபணிகள் இணையம் வழியே வரத் தொடங்கின, எனவே அந்த இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் பல கல்லூரிகளில் அப்படியே கிடக்கின்றன. அவற்றிலிருந்து 600ஐக் குலுக்கி எடுத்து அதே டிடெக்டரில், அதே அமைப்பில் போடுகிறோம். 42 மாட்டுகின்றன என்று வையுங்கள். a 7 சதவீதம். s-க்கு, மாணவர்கள் உண்மையில் செய்வதுபோல ஏஐ உரையில் பாதியை மாற்றி, சொந்த வரிகளைக் கலந்து 200 மாதிரிகள் தயாரிக்கிறோம், 120 பிடிபடுகின்றன. s 60 சதவீதம். இப்போது p 3.8 சதவீதம், சுமார் 150 இடுபணிகள். மாட்டிய 360 மாறவில்லை. அளவுகோலைச் சரிசெய்ததும் பதில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

இந்த 3.8ஐயும் தனியாக எழுதக் கூடாது. 600 கோப்புகளில் அளந்த 7 சதவீதம் உண்மையில் 5 முதல் 9 வரை எங்கும் இருக்கலாம். 5 என்றால் p 7.3, 9 என்றால் பூச்சியம். ஒப்பிட, s 60க்குப் பதில் 80 என்றாலும் p 2.7க்குத்தான் இறங்குகிறது. ஆக, p சிறியதாக இருக்கும்போது எல்லாம் a-வில்தான் தொங்குகிறது. 4000ஐ 8000 ஆக்குவதால் பெரிய பயன் இல்லை. பழைய கோப்புகள் 600ஐ 2400 ஆக்கினால் அந்த வீச்சு சுமார் 2 முதல் 5.5 வரை சுருங்கும்.

துறைகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கேதான் மனிதர்கள் அடிபடுகிறார்கள். ஒரு துறையில் 12 சதவீதம் மாட்டுகிறது, இன்னொன்றில் 6. பார்த்தவுடன் முதல் துறையில் இரு மடங்கு ஏமாற்று என்று தோன்றும். பழைய கோப்புகளில் அந்தத் துறைகளின் a 10, 4 என்று இருந்தால், s 60 என வைத்து இரண்டின் p-யும் 4.0, 3.6 என்று வருகிறது. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆகவே மூயெட் ஆங்கிலத் தேர்வு நிலை வாரியாகவோ துறை வாரியாகவோ பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி a வைத்துக் கணக்குப் போட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். ஒரு துறையில் p எதிர்மறையாக வந்தால் அதைப் பூச்சியமாக்கி மறைத்துவிடாதீர்கள். ஒன்று, மாதிரி மிகச் சிறியது. இல்லையென்றால் பழைய கோப்புகள் இன்றைய மாணவர்களைப் போல இல்லை. தலைப்பும் பாடத்திட்டமும் மாறியிருக்கலாம்.

மூன்றாவது வழியில் மாட்டியது, மாட்டாதது என்ற வெட்டுக்கோடே கிடையாது. மனிதர் எழுத்தில் சொற்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, ஏஐ எழுத்தில் எப்படி என்று இரண்டு வடிவங்களை எடுத்து, எந்த விகிதத்தில் கலந்தால் இன்றைய குவியல் கிடைக்கும் என்று தேடுகிறார்கள். 2024இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு குழு ஏஐ மாநாடுகளின் மதிப்புரைகளில் இதைச் செய்து, 6.5 முதல் 16.9 சதவீத உரை ஏஐயால் கணிசமாக மாற்றப்பட்டிருக்கலாம் என்று கண்டது. அது உரையின் பங்கு, இடுபணிகளின் எண்ணிக்கை அல்ல. பாதி மட்டும் ஏஐ எழுதிய இடுபணியை இந்த வழி பாதியாகவே எண்ணும், அதுதான் இதன் பலம். ஒரே வகை எழுத்து ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பது பலவீனம். பொறியியல் அறிக்கையும் இலக்கியக் கட்டுரையும் கலந்து கிடக்கும் கல்லூரிக் குவியலில், தலைப்பு மாறியதை ஏஐ வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். மாணவர்கள் வேறு மாடலுக்கு மாறினாலும் ஏஐ வடிவத்தைப் புதிதாக எடுக்க வேண்டும்.

என் தெரிவு இரண்டாவது வழி, உள்ளூரில் அளந்த a-வுடன். ஒரு பாடத்தில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் ஒரே மாதிரி கட்டுரைகள் வருகிறது என்றால், அங்கே மூன்றாவதையும் கூட ஓட்டிப் பார்க்கலாம். முதலாவதை அறிக்கையில் எங்கும் எழுதக் கூடாது, பின்னிணைப்பில்கூட.

இரண்டாவது வழியின் பதிலை நம்புமுன், கணக்கில் பயன்படுத்தாத பழைய இடுபணிகள் 950, தயாரித்த ஏஐ மாதிரிகள் 50 என்று கலந்து முழு முறையையும் அதன்மேல் ஓட்டுங்கள். வேறு வேறு கலவையாகச் சில முறை செய்யுங்கள். பதில் 5ஐச் சுற்றி ஏறி இறங்கினால் சரி. ஒவ்வொரு முறையும் 12 என்றே வந்தால் அறிக்கையை அனுப்ப வேண்டாம், a-வை மறுபடியும் அளக்க வேண்டும்.