‘வண்டி’க்கு ஐந்து எழுத்தாம்: பேரனோடு ஸ்க்ராட்ச் பழகிய அனுபவம்

பிள்ளைகள் நிரல் எழுதப் பழகுவதற்கான ஸ்க்ராட்ச் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூனையை நாலடி நடக்க வைத்து, ‘மியாவ்’ சொல்ல வைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் போய்த் தமிழ் எழுத்தை வைத்து ஒரு விளையாட்டுச் செய்ய நினைத்தால் என்னென்ன வரும் என்பதைச் சொல்லத்தான் இது. நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மன்னார்குடியில் இருக்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் ஏழாவது படிக்கிறான், லீவுக்கு லீவு வருவான். போன கோடை விடுமுறையில் ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றி. ஸ்க்ராட்ச் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் பிறந்தது, 2007இல் பொதுவுக்கு வந்தது. நாங்கள் பயன்படுத்துவது 2019 ஜனவரியில் வந்த 3.0 வரிசை. காசு கிடையாது. நெட் இல்லாத நேரத்துக்கென்று கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் பதிப்பும் உண்டு, எங்கள் தெருவுக்கு அதுதான் தோது. கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும், இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். கட்டைகளின் மேல் இருப்பதை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டோம். ஆனால் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கிற மாறிகளுக்கும், பல மதிப்புகளை வரிசையாகப் போட்டுவைக்கிற பட்டியல்களுக்கும் நாம் வைக்கிற பெயர் தமிழில் இருக்கலாம். ‘சொல்’, ‘துண்டுகள்’ என்று வைத்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

விளையாட்டு இதுதான். திரையில் ஒரு படம் வரும், உதாரணமாக மாட்டு வண்டி. மேலிருந்து எழுத்துகள் விழும். கீழே ஒரு கூடை. வ, ண், டி என்று வரிசை மாறாமல் பிடிக்க வேண்டும். “சப்பையா இருக்கே அம்மாச்சி” என்றான் பேரன். இருக்கட்டும் என்று ஆரம்பித்தோம்.

ஸ்க்ராட்ச் மேடை 480க்கு 360. நடுப்புள்ளி சுழியம், மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு -180. எழுத்து 170இல் தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் 3 புள்ளி இறங்கி, -170 வந்ததும் மறைய வேண்டும். நொடிக்கு 30 சுற்று ஓடுவதால் மேலிருந்து கீழே வர நாலு நொடிக்குக் கொஞ்சம் குறைவாகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேகம். 2 என்று மாற்றினால் ஆறு நொடி கிட்ட ஆகும், கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் போதும். மறைகிற இடத்தை -180க்குக் கீழே வைக்கக் கூடாது. ஸ்க்ராட்ச் எந்த உருவத்தையும் மேடையை விட்டு முழுசாக வெளியே விடாது. சின்ன எழுத்து விளிம்பிலேயே தட்டி நின்றுவிடும், நிபந்தனை நிறைவேறவே செய்யாது, கீழே குப்பை மாதிரிக் குவியும்.

இனி முக்கியமான விஷயம். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க `letter (1) of` என்று ஒரு கட்டை இருக்கிறது. எத்தனை எழுத்து என்று சொல்ல `length of` இருக்கிறது. ‘வண்டி’யைக் கொடுத்தோம். ஐந்து என்றது. மூன்றாவது எழுத்து எது என்று கேட்டால் வெறும் புள்ளி, கீழே ஒரு புள்ளிவட்டத்தோடு வந்து நின்றது. இதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா?

காரணம் ஸ்க்ராட்ச் அல்ல, யூனிகோட் தமிழைச் சேமிக்கிற முறை. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. ‘ட’ ஓர் இடம், இகரக் குறி ஓர் இடம், இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் திரையில் ‘டி’ என்று வரையப்படுகிறது. மெய்யெழுத்துக்கும் இதே கதைதான்: ‘ண’ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக வ, ண, புள்ளி, ட, இகரக் குறி, மொத்தம் ஐந்து. இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து ‘ண’ ஆகிறது. கணினியிலோ ‘ண’வோடு புள்ளி சேர்ந்தால்தான் மெய். தலைகீழ்! ஸ்க்ராட்சின் கட்டைகள் இந்த இடங்களைத்தான் எண்ணுகின்றன.

எண்ணுவது எதை என்று தெரிந்த பிறகு வழி கிடைத்தது. ‘குறிகள்’ என்று ஒரு பட்டியல் போட்டோம். அதில் பன்னிரண்டே உருப்படி: ஆகாரம் முதல் ஔகாரம் வரை பதினொரு குறிகள், கூடவே புள்ளி. அகரத்துக்குக் குறி இல்லை. சொல்லை ஒவ்வோர் இடமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். வருவது குறியானால் முந்தைய துண்டோடு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுத் துண்டு. இலக்கணம் நான் சொன்னேன், சுற்றைக் கட்டியது பேரன்:

```
delete all of [துண்டுகள்]
set [i] to (1)
repeat (length of (சொல்))
  set [எ] to (letter (i) of (சொல்))
  if <[குறிகள்] contains (எ)?> then
    set [கடை] to (length of [துண்டுகள்])
    replace item (கடை) of [துண்டுகள்] with (join (item (கடை) of [துண்டுகள்]) (எ))
  else
    add (எ) to [துண்டுகள்]
  end
  change [i] by (1)
end
```

‘வண்டி’ மூன்று துண்டானது. ‘கொக்கு’ மூன்று. ‘எஃகு’ மூன்று, ஆய்தம் ஒழுங்காகத் தனியாக நின்றது. ‘லக்ஷ்மி’ மாதிரிச் சொல்லில் க்ஷ உடைந்து இரண்டாகிவிடும். கிரந்தம் வருகிற சொற்களை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

அடுத்தது எழுத்தைத் திரையில் காட்டுவது. எழுதிக் காட்ட நேரடியான கட்டை இல்லை. எழுத்து ஒவ்வொன்றையும் ஓர் உடையாக வரைந்து, அந்த உடைக்கு அதே எழுத்தைப் பெயராக வைத்து, `switch costume to` மூலம் மாற்ற வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. வரைந்த பின் `Convert to Bitmap` அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்து அந்தந்தக் கணினியின் எழுத்துருவில் வரும். என் மகள் வீட்டு மடிக்கணினியில் ‘கீ’யின் தலை வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

இந்த இடத்தில் இரண்டு கோளாறு வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், காரணம் வேறு வேறு.

முதலாவது: சரியான எழுத்தைப் பிடித்தாலும் தப்பு என்றது. விழுகிற ஒவ்வொரு எழுத்தும் மூலத்தின் ஒரு நகல். எல்லா நகலும் ‘என் எழுத்து’ என்ற ஒரே மாறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியாகப் பிறந்த நகல் அதில் தன் எழுத்தை எழுதிவிடும், முன்னால் விழுந்தவை எல்லாம் அதையே தம்முடையதாக எடுத்துக்கொள்ளும். மாறியை உண்டாக்கும்போதே `For this sprite only` என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். பின்னால் மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். பேரன் மாறியின் பக்கத்திலிருக்கும் கட்டத்தில் டிக் போட்டு, அதன் மதிப்பை மேடையிலேயே தெரியவைத்துப் பார்த்தான். திரையில் ஒரே எழுத்து விழும்போது எல்லாம் சரி, இரண்டாவது வந்ததும் மதிப்பு மாறுகிறது. அதை வைத்தே பிடித்துவிட்டான்.

இரண்டாவது கொஞ்ச நாள் தண்ணி காட்டியது. ‘கொக்கு’ வரும்போது மட்டும் ‘கொ’வுக்குப் பதில் ‘வ’ விழும். அந்த ‘வ’வைப் பிடித்தால் சரி என்று மதிப்பெண் வேறு. “அம்மாச்சி, இது பேய்” என்றான். உடைகளைத் திறந்து பார்த்தால் ‘கொ’ என்ற பெயரில் உடை இருக்கிறது. பட்டியலிலும் ‘கொ’ இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. `length of` வைத்து அளந்ததும் குட்டு வெளிப்பட்டது: உடையின் பெயர் 2, பட்டியலில் உள்ளது 3.

சொற்பட்டியலை நான் என் பழைய வினாத்தாள்களிலிருந்து எடுத்திருந்தேன். அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை, ஒரு மாற்றியில் போட்டு மாற்றியவை. அந்த மாற்றி ஒகரக் குறியை ஒரே குறியாகத் தராமல், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகத் தந்திருந்தது. பழைய தட்டச்சுப் பழக்கம் அது. திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிடும்போது மட்டும் வேறு. பெயர் பொருந்தாவிட்டால் ஸ்க்ராட்ச் பிழை எதுவும் சொல்லாது, பழைய உடையோடே நகலை விட்டுவிடும். அதுதான் அந்த ‘வ’. ‘கௌதாரி’ இன்னும் மோசம்: ஔகாரக் குறியின் பின்பாதி நிஜமான ளகரமாகவே வந்திருந்தது, ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்தது. ஒ, ஓ, ஔ வருகிற சொற்களை எல்லாம் ஒரே விசைப்பலகையில் உட்கார்ந்து மறுபடி அடித்தேன். பழைய கோப்பிலிருந்து ஒட்டுகிறவர்கள் முதலில் இந்த மூன்றையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி விளையாட்டு சுவையானது மயங்கொலியால்தான். முதலில் திசைதிருப்பும் எழுத்துகளை ஸ்க்ராட்சே தற்செயலாகத் தேர்ந்தது. பழம் என்ற சொல்லுக்கு ‘நௌ’வும் ‘கூ’வும் விழுந்தால் யார் ஏமாறுவார்கள்? இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நானே எழுதிவைக்கிறேன். பழத்துக்கு ள, ல. மரத்துக்கு ற. மணிக்கு னி, நி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தடுமாறுவது சரியாக அங்கேதான். பேரனும் தடுமாறினான், ‘சப்பை’ என்ற பேச்சு அதோடு நின்றது.

குறை என்றால் கைபேசிதான். கைபேசி உலாவியில் விளையாடலாம், ஆனால் அந்தச் சின்னத் திரையில் கட்டைகளை இழுத்துப் பொருத்துவது என் விரலுக்கு ஆகிற காரியமில்லை. கூடையை அம்புக்குறி விசையால் நகர்த்துவதை விட்டுவிட்டு `set x to (mouse x)` என்று மாற்றிய பிறகுதான் உறவுக்காரர்களால் கைபேசியில் விளையாட முடிந்தது. விரல் போகும் பக்கம் கூடை போகும். ஆரம்பத்திலேயே இப்படி வைப்பது நல்லது.

இப்போது எங்களிடம் இரண்டு கோப்பு இருக்கிறது. என்னுடையதில் சொற்கள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. அவனுடையதில் தப்பான எழுத்தைப் பிடித்தால் கூடை வெடிக்கும், பத்துச் சொல்லுக்கு ஒரு அரக்கன் வருவான். அரக்கன் எறிகிற எழுத்தெல்லாம் ழகரமும் ளகரமும், அந்தப் பட்டியலை என்னிடம்தான் வாங்கிக்கொண்டான். தெருப் பிள்ளைகள் வந்தால் அவனுடையதைத்தான் கேட்கிறார்கள்.