"சரி தம்பி, போடுறேன்" என்று எழுதி 4,800 வெள்ளியை இழந்தேன்

நேற்று மாலைதான் அந்தக் கார் பட்டறை வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து ஆட்கள் யாராவது இந்த வாரமே வாட்ஸ்அப்பில் யாருக்காவது கடன் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படியுங்கள்.

ஆள் யார், பட்டறை எது என்று சொல்ல மாட்டேன். ஒரே லயத்தில் வளர்ந்தவன். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் பால்மரம் சீவியவர்கள். அவன் அம்மா இறந்தபோது மூன்று நாள் அந்த வீட்டில் சமைத்துப் போட்டது நான்தான். போன வருடம் அவனே ஃபோன் செய்தான். "அக்கா, பட்டறைக்கு கார் தூக்குற மெஷின் வாங்கணும், முன்பணம் கட்டணும். உங்கள விட்டா யார்கிட்ட கேப்பேன்?" எவ்வளவு, எப்போது திருப்பித் தருவான், எப்படித் தருவான், எல்லாமே அந்த அழைப்பில்தான் பேசினோம். ஆறு மாதத்தில் தந்துவிடுவதாகச் சொன்னான். நாசி லெமாக் விற்றுச் சேர்த்த காசு அது. மகள் காலேஜுக்கு என்று வைத்திருந்தேன்.

அழைப்பு முடிந்ததும் வாட்ஸ்அப்பில் வந்தது இவ்வளவுதான்: "அக்கா 4800. ரொம்ப நன்றி. 5000ஆ தந்துடறேன்." நான் பதில் எழுதினேன்: "சரி தம்பி, போடுறேன்." வங்கிச் செயலியில் Recipient Reference என்று கேட்ட இடத்தில் workshop என்று தட்டினேன். 4,800 வெள்ளி போய்விட்டது. கையில் ஆதாரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆறு மாதம் ஆனது. முதலில் "அடுத்த மாசம் கண்டிப்பாக்கா" என்றான். பிறகு இரண்டு நீலக் கோடு மட்டும் விழும், பதில் வராது. பட்டறைக்குப் போனால் பையன், "பாஸ் ஈப்போ போயிட்டாரு" என்பான். பாஸுடைய கார் உள்ளேதான் நிற்கும். போலீசில் கேட்டேன், கொடுக்கல் வாங்கல் சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். நேற்று நேரிலேயே பிடித்துக் கேட்டதற்கு முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்: "அக்கா, அது கடன் இல்லையே. நீங்க பட்டறையில பங்கு போட்டீங்க. யாவாரம் நஷ்டம், நான் என்ன செய்ய?"

பங்காம்! அன்று இரவு தூக்கம் வரவில்லை. இன்று காலை, தெரிந்த ஒரு வழக்கறிஞர் அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மலேசியாவில் கடன் ஒப்பந்தம் தாளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்ப்பேச்சே ஒப்பந்தம் ஆகலாம். வாட்ஸ்அப் செய்தியையும் நீதிமன்றம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். கணினியில் உருவான ஆவணங்களைப் பற்றி 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 90A என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆக, செய்தி செல்லுமா என்பது என் பிரச்சினையே இல்லை. அந்தச் செய்தி எதைச் சொல்கிறது என்பதுதான் பிரச்சினை. "சரி, போடுறேன்" என்பது நான் தருகிறேன் என்று நான் சொன்ன சொல். அவன் கடன்பட்டான் என்பதை அது காட்டாது. பணம் போனதை வங்கி ரசீது காட்டும், ஆனால் ஏன் போனது என்பதைக் காட்டாது. நன்கொடையா, பங்கா, பழைய பாக்கியா, எதை வேண்டுமானாலும் அவன் சொல்லலாம். கடன் என்று நிரூபிக்க வேண்டியவள் நான். நான் தட்டிய workshop என்ற சொல்லோ அவன் கதைக்குத்தான் துணை போகிறது.

சரி, "5000ஆ தந்துடறேன்" என்று எழுதியிருக்கிறானே, அது போதாதா என்று கேட்டேன். திருப்பித் தருவதைப் பற்றி அவன் எழுதியது அது ஒன்றுதான். அதிலேயே இன்னொரு குழி இருக்கிறது. அந்த 200 வெள்ளி லாபம் என்றால் பங்குக் கதை பலமாகிறது. வட்டி என்றால், உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்தாள் என்று என்மேலேயே திருப்பலாம். வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்ததைக் காட்டினாலே தொழிலாகச் செய்ததாக அனுமானிக்கலாம் என்கிறது 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டம். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழும். காட்ட முடியாவிட்டால் அந்தக் கடனையே கேட்டு வாங்க முடியாது. உதவியாகக் கொடுத்த கடன், கேட்பது 4,800 மட்டும்தான் என்று நிற்கச் சொன்னார் அந்த அம்மா.

பிறகு எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். வாங்குபவர்தான் எழுத வேண்டும், அதுவும் இரண்டு முறை என்றார். பணம் போடுவதற்கு முன் அவர் அனுப்ப வேண்டியது இப்படி இருக்க வேண்டும்:

"நான் (ஐ.சி.யில் உள்ள முழுப்பெயர், ஐ.சி. எண்) உங்களிடம் 4,800 வெள்ளி கடனாகக் கேட்கிறேன். வட்டி இல்லை. (தேதி)க்குள் முழுவதும் திருப்பித் தருவேன். (வங்கி, கணக்கு எண்) என் சொந்தக் கணக்கு."

பணம் சேர்ந்ததும் அவரே மறுபடி எழுத வேண்டும்: "இன்று 4,800 வெள்ளி கடன் என் கணக்கில் கிடைத்தது. (தேதி)க்குள் தருவேன்."

அதிகம் எழுத வேண்டியதில்லை. கடன் என்ற சொல், தொகை, தேதி, கிடைத்தது என்ற ஒப்புதல் இருந்தால் போதும். தேதி ஏன் என்றால், அந்த நாள் தாண்டினால்தான் தவறினான் என்று சொல்ல முடியும். வழக்குப் போட ஆறு வருடக் கெடுவும் அதை வைத்துத்தான் எண்ணப்படும். இதை எழுதச் சொன்னால், "என்னக்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பான். கேட்கட்டும். இரண்டு வரி எழுத மனமில்லாதவன் பணத்தையா திருப்பித் தரப்போகிறான்?

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்பில் பேசியதை உடனே எழுத்தில் வாங்குங்கள். Recipient Reference இடத்தில் கடன் என்றோ மலாயில் pinjaman என்றோ போடுங்கள். மச்சான் கணக்கு, கடைக் கணக்கு என்றால் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் பழைய ஃபோனை விற்றுவிடாதீர்கள், அசல் உரையாடல் அப்படியே இருக்கட்டும். தமிழில் எழுதியதைக் கோர்ட்டில் மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும், எழுத்து தெளிவாக இருந்தால் அதுவும் எளிது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் திட்டி எழுதாதீர்கள். "நீ வாங்கிய 4,800 வெள்ளி கடனை எப்போது தருவாய்?" என்று அமைதியாகக் கேளுங்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று அவன் பதில் போட்டால், கடன் இல்லை என்று பிறகு சொல்வது அவனுக்குக் கஷ்டம்.

நான் இன்று மதியம் அதைத்தான் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத சிறு வழக்கு என்பதால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கறிஞர் இல்லாமல் நானே போடலாமாம். படிவம் எண் 198. திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு, அந்த ஃபோனையும் வங்கி ரசீதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.