புதுமனை வாழ்த்து அட்டைக்கு ஒரு சமஸ்கிருத வரி: நான்கில் எது?

நண்பர் ஒருவர் புது வீட்டுக்குக் குடிபோகிறார். கணவன், மனைவி, ஒரு மகள். பரிசோடு வைக்கும் அட்டையில் ஒரு வரி சமஸ்கிருத ஆசி வேண்டும் என்று நாலைந்து பேர் கூடிப் பேசியதில் நான்கு வரிகள் தேறின. நான்குமே காதுக்கு இனிமைதான். ஆனால் அட்டையில் ஏறும் வரிக்கு இலக்கணமும் பொருளும் சரியாக இருக்க வேண்டும், யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதும் பொருந்த வேண்டும்.

முதலில் வந்தது ரிக் வேதம் 7ஆம் மண்டலம், 54ஆம் சூக்தத்தின் தொடக்கம்: "வாஸ்தோஷ்பதே ப்ரதி ஜானீஹ்யஸ்மான் ஸ்வாவேசோ அனமீவோ பவா ந:". மனையின் தலைவனே, எங்களை அறிந்துகொள், நாங்கள் நுழைவதற்கு நல்லவனாக, நோய் தராதவனாக எங்களுக்கு இரு என்று பொருள். புதுமனைக்கு இதைவிடப் பொருத்தமான வேத வரி எனக்குத் தெரியவில்லை. சிக்கல் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "ந:" என்றால் "எங்களுக்கு". குடிபுகுகிறவர்களே வேண்டிக்கொள்ளும் வரி இது. நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவர்கள் வீட்டில் நமக்கு நலம் கேட்டதாக ஆகிவிடும். "ந:" என்பதை "வ:", அதாவது "உங்களுக்கு", என்று மாற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். முன்னால் "அஸ்மான்", அதாவது "எங்களை", அப்படியே நிற்கிறதே! தவிர, வேத வரியை அட்டைக்காகத் திருத்துவதில் எனக்கு மனம் இல்லை. வீட்டுக்காரர்களே அழைப்பிதழில் போட்டுக்கொண்டால் அழகு. அப்போது "வாஸ்தோபதே" என்று நடுவிலுள்ள "ஷ்" விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த "லோகா: ஸமஸ்தா: ஸுகினோ பவந்து". உலகத்தார் அனைவரும் சுகமாக இருக்கட்டும். குற்றமற்ற வாக்கியம். ஆனால் பாடிப் பழகிய வேகத்தில் "லோகா ஸமஸ்தா" என்று எழுதிவிடுகிறோம். அந்த இரட்டைப் புள்ளி போனால் பன்மை உருபே போய்விடும். அரசர்கள் நெறிப்படி ஆளட்டும் என்று வரும் மங்கள சுலோகத்தின் கடைசி அடி இது, வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. நல்ல வரி, வேறு இடத்துக்கு.

"க்ருஹப்ரவேசஸ்ய சுபாசயா:" மூன்றாவது. இக்காலப் பேச்சு சமஸ்கிருதத்தில் புழங்குவது. இலக்கணம் சரி, "புதுமனை புகுதலுக்கான நல்வாழ்த்துகள்" என்ற அறிவிப்பு. ஆசி என்றால் சமஸ்கிருதத்தில் "பவது", "அஸ்து" போல வினை வர வேண்டும். ஆசி சொல்ல இந்த வினை வடிவம் வரும் என்று பாணினியே விதி வைத்திருக்கிறார். வினையே இல்லாத வரி எனக்கு ஆசியாக ஒலிக்கவில்லை.

இதில் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாம் வீட்டையும் கோளையும் "கிரகம்" என்றே எழுதுகிறோம். சமஸ்கிருதத்தில் வீடு "க்ருஹம்", கோள் "க்ரஹ:". தேவநாகரியில் அச்சடித்தால் முதல் எழுத்தின் அடியைப் பாருங்கள். கீழே சிறு கொக்கி தொங்கினால் வீடு. தண்டிலிருந்து இடப்பக்கம் சாய்ந்து ஒரு கோடு இறங்கினால் கோள். அப்புறம் அது வீடு புகும் விழா அல்ல, கோள் புகும் விழா.

நான்காவது நாமே கோத்தது: "நூதனக்ருஹே வ: ஸர்வதா சுபம் பவது". புது வீட்டில் உங்களுக்கு எப்போதும் நலம் உண்டாகட்டும். ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தேன். "நூதனக்ருஹே" தொகைச்சொல், சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால் "நூதன" வேற்றுமை உருபு இல்லாமல் அந்தரத்தில் நிற்கும், பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் "நூதனே க்ருஹே". "வ:" வாக்கியத்தின் முதலில் வரக் கூடாத சொல், இங்கே இரண்டாவதாக இருப்பதால் சரி. "சுபம்" ஒருமை, ஆகவே "பவது". "சுபம் பவந்து" என்று போட்டால் தப்பு. "அஸ்து" பிடிக்கும் என்றால் இரண்டும் சேர்ந்து "சுபமஸ்து" என்று வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த "வ:". மூன்றோ அதற்கு மேலோ பேர் உள்ள குடும்பத்துக்கு அது. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் சமஸ்கிருதத்தில் இருமை உண்டு: "நூதனக்ருஹே வாம் ஸர்வதா சுபம் பவது". பெரியவர்களுக்கு "பவதாம்", "தங்களுக்கு" என்ற மரியாதை. இந்த வீட்டில் மகளும் இருப்பதால் "வ:" என்றே எழுதி, கீழே தமிழில் பொருளையும் போட்டுக் கொடுத்தோம்.