விபத்து இழப்பீட்டில் முதல் பங்கு யாருக்கு?

வேறொருவர் தவறால் அடிபடுகிறீர்கள். ஆஸ்பத்திரிச் செலவை உங்கள் காப்பீடு கட்டிவிடுகிறது. அப்புறம் தவறு செய்தவரிடமிருந்து இழப்பீடு வரும்போது, "நாங்கள் கட்டியதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று காப்பீட்டுத் தரப்பு கேட்கிறது. சப்ரொகேஷன் என்ற தலைப்பில் வரும் உரிமை இது. ஒரே செலவுக்கு இரண்டு முறை பணம் வாங்கக் கூடாது என்பது இதிலுள்ள நியாயம். ஆனால் வந்த தொகை மொத்த நஷ்டத்துக்கே போதாதபோது யார் கை முந்துவது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2013-இல் முடிவான ஒரு வழக்கில் இதே கேள்விதான். யுஎஸ் ஏர்வேஸ் ஊழியர் ஒருவர் கார் விபத்தில் படுகாயமடைந்தார். நிறுவனத்தின் மருத்துவத் திட்டம் 66,866 டாலர் கட்டியது. அவருக்கு வசூலானது 1,10,000 டாலர். அதில் 40 சதவீதம் வக்கீல் ஃபீஸ், மிச்சம் 66,000. நஷ்டமோ பத்து லட்சம் டாலரைத் தாண்டும் என்பது அவர் தரப்பின் கணக்கு.

காப்பீட்டுக்கே முதல் பங்கு என்றால், அவர் கைக்கு வந்தது முழுவதும் போய், 866 டாலர் சொந்தப் பணத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அடிபட்டவருக்கு நஷ்டம் முழுதாக ஈடானால்தான் காப்பீடு கேட்கலாம் என்ற விதியில், 66,000-மும் அவருக்கே. நடுவழியும் உண்டு. இழப்பீட்டை வசூலிக்க ஆன வக்கீல் செலவில் காப்பீடும் தன் பங்கைச் சுமப்பது. அப்படியானால் திட்டத்துக்குச் சுமார் 40,120, அவருக்கு 25,880.

என் மனம் இரண்டாவது விதியின் பக்கம்தான். வலியும் வேலையிழப்பும் அவருடையவை. ஆனால் நீதிமன்றம் நியாய உணர்வை மட்டும் வைத்துத் தீர்மானிக்கவில்லை. திட்டத்தின் வாசகம் தெளிவாக இருந்தால் வாசகமே வெல்லும் என்றது. அந்தத் திட்டம் வக்கீல் ஃபீஸைப் பற்றி ஒன்றும் சொல்லாததால், அந்த இடைவெளியில் நடுவழி விதி நுழைந்தது. வேலை தருபவர் நடத்தும் இத்தகைய திட்டங்களுக்கான தீர்ப்பு இது. மற்ற பாலிசிகளில் அந்தந்த ஊர்ச் சட்டம் பேசும்.

ஆகவே பாலிசியில் "திருப்பிச் செலுத்துதல்" பகுதியைத் தேடி, இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: முழு ஈடு ஆகாவிட்டாலும் வசூலிப்போம் என்று இருக்கிறதா? வக்கீல் ஃபீஸ் கழிக்கப்படாது என்று இருக்கிறதா? இரண்டும் எழுதியிருந்தால் பேரம் பேசத்தான் இடமுண்டு. அதற்கு அவர்கள் கட்டிய ஒவ்வொரு பில்லின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். விபத்துக்குச் சம்பந்தமில்லாத பழைய முதுகுவலிச் சிகிச்சை அதில் சேர்ந்திருந்தால், அதை நீக்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் காப்பீட்டிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டால், அவர்கள் எதிர்த்தரப்பிடம் வசூலிக்கும் வழி அடைபடலாம். அப்போது அந்தப் பணத்தை உங்களிடமே கேட்பார்கள்.