வீட்டுக்குள் கேமராவை நடத்த மூன்று வழிகள்: எதில் வேகம் துள்ளாது?

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் கட்டப்போகும் ஒரு வீட்டுக்கு பிளெண்டரில் வாக்த்ரூ செய்தேன். கேட்டுக்கு அருகே நிற்கும் மாமரத்தடியில் கேமரா கிளம்பும். போர்டிகோ, வாசல், ஹால் கடந்து சமையலறையில் போய் நிற்கும். பாதை 24 மீட்டர், நேரம் 20 விநாடி, விநாடிக்கு 30 ஃபிரேம். ஒரே பாதையை மூன்று விதமாக ஓட்டிப் பார்த்தேன்.

முதல் வழி, கேமராவுக்கே நேராகக் கீ போடுவது. ஏழு இடங்களில், நூறு நூறு ஃபிரேம் இடைவெளியில் போட்டேன். கேட்டிலிருந்து போர்டிகோ 6 மீட்டர், வாசலிலிருந்து ஹால் 2 மீட்டர். இரண்டுக்கும் அதே நூறு ஃபிரேம்தான் என்பதால் முன்னதில் வேகம் மூன்று மடங்கு. இதைச் சரிசெய்ய ஒரு கீயை நகர்த்தினால் பக்கத்துக் கீ கெடுகிறது. X, Y, Z மூன்றுக்கும் தனித்தனி வளைவு. நடந்த தூரம் எவ்வளவு என்று அவற்றில் எதற்கும் தெரியாது. நேர்கோட்டில் போகும் சின்ன ஷாட்டுக்கு இந்த வழி போதும். திருப்பம் வந்தால் நான் இதைத் தொடுவதில்லை.

இரண்டாவது, பெசியர் வளைவு வரைந்து கேமராவுக்கு `Follow Path` கொடுப்பது. `Fixed Position` டிக் செய்தால் `Offset Factor` வரும். 0 தொடக்கம், 1 முடிவு. வளைவின் புள்ளிகள் நெருக்கமாக இருந்தாலும் தள்ளி இருந்தாலும், பிளெண்டர் பாதையின் நீளத்தை வைத்தே இடத்தைக் கணக்கிடுகிறது. அதனால் 0.5 என்றால் கேமரா 12-ஆவது மீட்டரில் நிற்கும். (முன்னதாக `Alt+G` அழுத்தி கேமராவின் சொந்த இடத்தைப் பூஜ்யமாக்குங்கள், இல்லாவிட்டால் அது பாதையை விட்டு விலகி ஓடும்.) தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கீ போட்டேன். கிளம்புவதும் நிற்பதும் மெத்தென்று இருந்தன. ஆனால் வீட்டுக்காரரின் அப்பா பார்த்துவிட்டு, "தம்பி, கேட்டுல மெதுவா போவுது, ஹால்ல எதுக்கு இப்படி ஓடுது?" என்றார். அவர் சொன்னது சரிதான். இரண்டே கீ இருந்தால் வேகம் நடுப்பாதிவரை ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் அது சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள் நின்று பார்க்க விரும்பும் ஹால் அந்த நடுவில்தான் இருந்தது.

மூன்றாவது வழியில் பாதை அதேதான், கீ மட்டும் நான்கு. முதல் 2 விநாடியில் வேகம் ஏறும், கடைசி 2 விநாடியில் இறங்கும், இடையில் மாறாது. ஏறும்போதும் இறங்கும்போதும் சராசரி வேகம் பாதி என்பதால், 20 விநாடிப் பயணம் முழு வேகத்தில் 18 விநாடி நடந்ததற்குச் சமம். 24-ஐ 18-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.33 மீட்டர், நிதானமான நடை. ஏறும் கட்டத்தில் கடப்பது பாதையில் 18-இல் ஒரு பங்கு. கீழே வரிசையாக ஃபிரேம், `Offset Factor`, கீயின் வகை:

```
0    0      Quadratic, Ease In
60   1/18   Linear
540  17/18  Quadratic, Ease Out
600  1
```

ஒரு கீயில் வைக்கும் வகை அதற்கு அடுத்த துண்டுக்குப் பொருந்தும். `T` அழுத்தி வகையையும், `Ctrl+E` அழுத்தி ஈஸிங்கையும் மாற்றலாம். `Quadratic` துண்டு முடியும்போது அதன் சரிவும் நேர்கோட்டின் சரிவும் ஒன்றாக இருக்கும், அதனால் இணைப்பில் துள்ளல் இல்லை. அங்கே `Cubic` வைத்தால் முடியும் வேகம் ஒன்றரை மடங்காகி, 60-ஆவது ஃபிரேமில் பிரேக் போட்டதுபோல் இருக்கும். கிராஃப் எடிட்டரில் அந்த இடம் முழங்கை மடங்கியதுபோல் தெரியும். `Motion Paths` போட்டுப் பார்த்தால் புள்ளிகளின் இடைவெளி அங்கே சட்டென்று குறுகும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் பின்னத்துக்கும் பாதை நீளத்துக்கும் தொடர்பே இல்லாததுதான். வீட்டுக்காரர் பூஜை அறையையும் காட்டச் சொன்னார்; பாதை 27 மீட்டரானது. கீ எதையும் தொடவில்லை. நடை மட்டும் விநாடிக்கு 1.5 மீட்டராகக் கூடியது.

இவ்வளவு செய்தும் ஹால் திருப்பத்தில் முதலில் ஒரு வெட்டு தெரிந்தது. வேகம் சீராக இருந்தாலும் `Follow Curve` கேமராவின் முகத்தைப் பாதையோடு சேர்த்தே திருப்பும். அங்கே வளைவின் ஆரம் 30 சென்டிமீட்டர்தான். 24 மீட்டர் பாதையின் நடையில் 90 டிகிரி திருப்பம் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. ஆரத்தை 1.5 மீட்டராக்கினேன், அதே திருப்பம் ஏறக்குறைய 1.8 விநாடி எடுத்தது. வாசல் நிலை இடிக்கும் என்பதால் வளைவை ஹாலுக்குள் தள்ளிப் போட வேண்டியிருந்தது. இடம் இல்லாத வீட்டில் `Follow Curve`-ஐ எடுத்துவிட்டு, அதே பாதையில் ஒன்றரை மீட்டர் முன்னால் போகும் ஒரு எம்ப்டியை `Track To` கொண்டு பார்க்க வைக்கிறேன். கேமரா திருப்பத்துக்கு வருவதற்கு முன்பே முகம் திரும்பத் தொடங்கிவிடும். எம்ப்டி நிற்கவும் இடம் வேண்டும் என்பதால், பாதையை சமையலறைச் சுவருக்கு அப்பால் நீட்டி, கேமராவின் கடைசிக் கீயை 1-க்குக் கீழே இறக்குகிறேன். அப்போது நடுவிலுள்ள இரண்டு கீகளையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்.