பித்தளை விளக்கு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 18 என்றால் எந்த 18?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க் கடைகளில் ஆன்லைனில் பித்தளைச் சாமான் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நான் டொராண்டோவில் இருக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்காக அன்னம் வைத்த குத்துவிளக்கு ஒன்று வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி விற்கிற கடைகள் நிறைய இருக்கின்றன.

விவரப் பட்டியலில் இருந்தது இவ்வளவுதான்: உயரம் 18, எடை 1.5, பெட்டி 12 x 12 x 20. எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு இல்லை. 18 உயர விளக்குக்கு 20 உயரப் பெட்டி என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. குத்துவிளக்கை நம் ஊரில் அங்குலத்தில்தான் சொல்வார்கள். படத்திலும் வெறும் வெள்ளைப் பின்னணியில் விளக்கு மட்டும் கம்பீரமாக நின்றது.

வந்து சேர்ந்தது 18 சென்டிமீட்டர் விளக்கு, அதாவது ஏழு அங்குலம். பூஜை அலமாரியில் வைக்கலாம், கூடத்தில் நிற்க வைக்க முடியாது. சமையலறைத் தராசில் 690 கிராம் காட்டியது. அப்படியானால் அந்த 1.5 என்பது பவுண்டு. ஆக, ஒரே பட்டியலில் உயரம் சென்டிமீட்டரிலும், எடை பவுண்டிலும், பெட்டி அங்குலத்திலும் இருந்திருக்கிறது! பெரிய விளக்குக்கு வைத்திருந்த அட்டைப்பெட்டியிலேயே, சுற்றிலும் காகிதத்தைத் திணித்து இந்தக் குட்டி விளக்கையும் அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த அடி கூரியர் கட்டணத்தில் விழுந்தது. பெரும்பாலான சர்வதேச கூரியர்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதில் வருகிற கிலோ நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் பணம். 12, 12, 20 என்பதைச் சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 2880 வரும், வகுத்தால் அரைக் கிலோ சொச்சம். ஆர்டர் போடும்போது என்னிடம் வாங்கிய கட்டணம் அந்தக் கணக்கில்தான். அதையே அங்குலமாக எடுத்தால் பெட்டி 30.5, 30.5, 50.8 சென்டிமீட்டர், கணக்கு 9.4 கிலோவுக்குப் போகிறது. கூரியர்காரர் டேப் வைத்து அளந்திருக்கிறார். பாக்கியைக் கட்டினால்தான் பார்சல் நகரும் என்று கடையிலிருந்து செய்தி வந்தது. விளக்கின் விலையைவிட அது அதிகம். 18 அங்குல விளக்கு வருகிறது என்ற நம்பிக்கையில் கட்டினேன்.

கேட்டதற்கு, "சார், நாங்க 18-னுதான் போட்டிருக்கோம், 18-தான் அனுப்பியிருக்கோம்" என்றார்கள். என்ன சொல்ல!

இது எப்படி நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும், சரக்குப் பட்டியல் ஏற்றுவது என் பழைய வேலை. ஒவ்வொரு சப்ளையரும் ஒவ்வொரு அலகில் அனுப்புவார். அங்குலத்துக்குப் போடுகிற இரட்டைக் குறி CSV கோப்பில் மேற்கோள் குறிக்கும் பயன்படுவதால், ஏற்றும்போது சில சமயம் காணாமல் போய்விடும், எண் மட்டும் மிஞ்சும். தலைப்பில் "நீளம் (செ.மீ.)" என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றி ஏற்றினால் முடிந்தது. அதைச் செய்யாமல் விடுவது சோம்பேறித்தனம், வேறு சாக்கு இல்லை.

வாங்குகிறவர் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எடையை உயரத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரே வடிவத்தில் 18 சென்டிமீட்டரை 18 அங்குலமாக்கினால் உயரம் இரண்டரை மடங்குதான் கூடும், உலோகம் சுமார் பதினாறு மடங்கு கூடும். பெரிய விளக்குகளை உள்ளே பொள்ளலாக வார்ப்பதால் அத்தனை வராது. ஆனாலும் முக்கால் கிலோ, ஒன்றரைக் கிலோவில் 18 அங்குலப் பித்தளை விளக்கு என்றால் சந்தேகப்படுங்கள். விளக்கின் பக்கத்தில் டேப்பை நிறுத்தி ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம் கேளுங்கள். நேர்மையான கடைக்கு அது இரண்டு நிமிட வேலை.

அண்டா, தவலை வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறி கேலன். 5 கேலன் என்றால் அமெரிக்கக் கணக்கில் 18.9 லிட்டர், பழைய பிரிட்டிஷ் கணக்கில் 22.7 லிட்டர். எந்தக் கேலன் என்று கேட்பதைவிட லிட்டரில் எழுதித் தரச் சொல்வது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் கொடுத்த பிறகு அவர்கள் உயரத்துக்குப் பக்கத்தில் செ.மீ. சேர்த்துவிட்டார்கள். என்னிடம் பழைய படம் இருந்ததால்தான் கார்டு வங்கி விளக்கின் விலையைத் திருப்பிக் கொடுத்தது. கூரியர் பணம் போனது போனதுதான்.